கிடங்குக்கு இடம் தேர்தல்: சரிவு, மண், சாலைத் தொலைவு ஆகிய மூன்று ராஸ்டர்களை எடையிட்டு அடுக்கும் முறை

மளிகைப் பொருள்களை இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனம், அரிசியும் பருப்பும் சேமித்து வைக்க ஏறத்தாழ 2 ஹெக்டர் நிலத்தில் ஒரு கிடங்கு அமைக்க விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில், தெற்கே துவாஸ், ஜூரோங் தொடங்கி வடக்கே சுங்கை காடுட் வரை, எந்தெந்தத் தொழில் நிலங்களை முதலில் நேரில் சென்று பார்க்கலாம் என்று தரவரிசைப் பட்டியல் ஒன்றை அவர்களுக்குத் தர வேண்டும். நிலத்தின் சரிவு, அடியில் உள்ள மண், விரைவுச்சாலையை எட்டுவதற்கான தொலைவு ஆகிய மூன்றையும் தனித்தனி ராஸ்டராக, அதாவது கட்டத்துக்கு ஓர் எண் கொண்ட வலையாக அமைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவுகோலில் மதிப்பெண் தந்து, எடையிட்டுக் கூட்டினால் அந்தப் பட்டியல் கிடைக்கும். கியூஜிஐஎஸ் மென்பொருளை ஓரளவு திறந்து பார்த்திருப்பவர்களை மனத்தில் வைத்தே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் எடைகளைப் பற்றியே நெடுநேரம் விவாதிப்பார்கள். மண்ணுக்கு 30 விழுக்காடா, 35 விழுக்காடா என்பதில் ஒரு கூட்டமே முடிந்துபோகும். உண்மையில் வரிசை பெரும்பாலும் அதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. எந்த அளவுக்கு எத்தனை மதிப்பெண் என்று வகுக்கும் இடத்திலும், எந்த நிலத்தைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது என்று விலக்கும் இடத்திலும்தான் முடிவு பிறக்கிறது. ஆகவே இக்கட்டுரையில் அந்த இரண்டுக்கும் கூடுதல் இடம் தரப்படுகிறது.

ஒரே வலை

மூன்று ராஸ்டர்களும் ஒரே ஆள்கூற்று முறையில், ஒரே கட்ட அளவில், ஒரே எல்லையில், கட்டத்தின் மேல் கட்டம் சரியாகப் பொருந்தும்படி இருக்க வேண்டும். சிங்கப்பூருக்கு எஸ்விஒய்21 என்ற முறை உண்டு. கியூஜிஐஎஸ்ஸில் அதன் குறியீடு `EPSG:3414`. அதன் அலகு மீட்டர் என்பதால், தொலைவையும் சரிவையும் எந்த மாற்றமும் செய்யாமல் கணக்கிடலாம்.

கட்டத்தின் அளவு 30 மீட்டர் என்று கொள்வோம். கையில் உள்ள தரவுகளில் மிகக் கரடுமுரடானது எதுவோ அதன் அளவையே எல்லாவற்றுக்கும் வைப்பதுதான் நேர்மை. 30 மீட்டர் உயரத் தரவை 5 மீட்டராக நறுக்கினால் படம் வழவழப்பாகத் தெரியும். ஆனால் புதிய செய்தி எதுவும் அதில் சேர்ந்திருக்காது. எல்லைக்குக் கிழக்கு நோக்கிய தொலைவான கிழக்காயம் 1000 முதல் 22000 வரை, வடக்கு நோக்கிய தொலைவான வடக்காயம் 23000 முதல் 47000 வரை எடுத்துக்கொண்டால் 700 நிரல்களும் 800 நிரைகளும் கொண்ட வலை கிடைக்கும். ஒரு கட்டம் 900 சதுர மீட்டர். 2 ஹெக்டர் என்பது 23 கட்டங்களுக்குச் சற்றுக் குறைவு. இந்த 23 என்ற எண் பின்னால் தேவைப்படும்.

சரிவு

உயரத் தரவுக்குப் புதியவர்கள் பெரும்பாலும் கோப்பர்நிக்கஸ் திட்டத்தின் 30 மீட்டர் உயர மாதிரியைத்தான் எடுப்பார்கள். அது இலவசமாகக் கிடைக்கிறது. அதன் ஆள்கூறுகள் பாகைகளில் இருப்பதால் முதலில் நம் வலைக்கு மாற்றி, பிறகு சரிவைக் கணக்கிட வேண்டும்.

```
gdalwarp -t_srs EPSG:3414 -tr 30 30 -te 1000 23000 22000 47000 -r bilinear dem_raw.tif dem.tif
gdaldem slope dem.tif slope.tif -p
```

இரண்டாம் வரியில் உள்ள `-p` சரிவை விழுக்காட்டில் தருகிறது. அதை விட்டுவிட்டால் பாகையில் வரும். கியூஜிஐஎஸ்ஸின் சொந்தக் கருவியான `Slope` பாகையில்தான் தரும். 5 விழுக்காட்டுச் சரிவு 2.86 பாகை, 5 பாகைச் சரிவோ 8.7 விழுக்காடு. எது எந்த அலகு என்று கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மாற்றம் செய்யாத பாகைத் தரவிலேயே சரிவைக் கணக்கிட்டால், சற்றேனும் ஏற்ற இறக்கம் உள்ள நிலமெல்லாம் 90 பாகைக்கு மிக அருகில் காட்டக்கூடும். சமதளமான துவாஸ் செங்குத்தாகத் தெரிந்தால் காரணத்தை இங்கே தேடுங்கள்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. இந்த உயர மாதிரி தரையின் உயரத்தைக் காட்டுவதில்லை. விண்ணிலிருந்து பார்த்தபோது தெரிந்த மேற்பரப்பின் உயரத்தையே காட்டுகிறது. கட்டடத்தின் கூரையும் மரத்தின் உச்சியும் அதில் தரையாக நிற்கும். சரிவைக் கணக்கிடும் சூத்திரம் ஒரு கட்டத்தின் இருபுறமும் உள்ள கட்டங்களின் உயர வேறுபாட்டை 60 மீட்டர் இடைவெளியால் வகுக்கிறது. 20 மீட்டர் உயரமுள்ள தொழிற்சாலை ஒன்று ஒரு புறமும் வெறுந்தரை மறுபுறமும் இருந்தால், 20-ஐ 60-ஆல் வகுக்க ஏறத்தாழ 33 விழுக்காடு வரும். நடந்து பார்த்தால் மேசை போலக் கிடக்கும் தொழிற்பேட்டை, படத்தில் குன்றுகளின் கூட்டமாகத் தெரிவது இதனால்தான். சரிவுப் படத்தை வான்படத்தின் மேல் அரைகுறையாகத் தெரியும்படி வைத்துப் பாருங்கள். செங்குத்தான பட்டைகள் கூரைகளின் விளிம்பை ஒட்டி ஓடினால் நீங்கள் காண்பது நிலத்தின் சரிவன்று.

இதற்குக் கட்டடங்களையும் மரங்களையும் கழித்துத் தயாரித்த தரை மாதிரியைப் பயன்படுத்துவதே தீர்வு. கோப்பர்நிக்கஸ் தரவிலிருந்தே பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய `FABDEM` அத்தகையது. ஆனால் அதன் இலவச உரிமம் வணிகம் சாராத பயன்பாட்டுக்கு மட்டுமே; பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம், நிறுவனத்துக்கான அறிக்கைக்கு அப்படி எடுக்கலாகாது. நில அளவைப் புள்ளி உயரங்கள் கிடைத்தால் அவற்றிலிருந்து தரைப் பரப்பை உருவாக்குவது எல்லாவற்றிலும் மேல்.

மற்றொன்று, இத்தரவின் வயது. கோப்பர்நிக்கஸ் மாதிரிக்கு அடிப்படையான ராடார் அளவீடுகள் 2011 முதல் 2015 வரை எடுக்கப்பட்டவை. துவாஸ் துறைமுகத்தின் முதற்கட்டத்துக்குக் கடலை நிரப்பும் பணி 2021-இல்தான் முடிந்தது. அந்த நிலத்தின் பெரும்பகுதி இந்தத் தரவில் இன்னும் கடல். கடலுக்கு உயரம் 0, சரிவும் 0.

மண்

மூன்றில் மண் அடுக்குக்குத்தான் ஆயத்தமான கோப்பு எளிதில் கிடைக்காது. நிலவியல் வரைபடத்தைப் பின்னணியில் வைத்து, படிவுகளின் எல்லைகளைப் பலகோணங்களாக நாமே வரைய வேண்டியிருக்கும். கிடங்குக்கு மண்ணின் வளம் பொருட்டன்று. சுமையைத் தாங்குமா, அமிழுமா என்பதே கேள்வி. அந்த நோக்கில் மேற்குச் சிங்கப்பூரின் நிலத்தை ஐந்து வகையாகப் பிரித்தால் போதும்.

இறுகிய மணலும் களியும் கலந்த பழைய வண்டல் படிவு நன்றாகத் தாங்கும். அதற்கு 5 மதிப்பெண் தரலாம். புக்கிட் தீமா கருங்கல் சிதைந்து உண்டான மண்ணுக்கு 4; இதில் பாறை எந்த ஆழத்தில் இருக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். மடிந்தும் உடைந்தும் கிடக்கும் ஜூரோங் படிவுப் பாறைக்கும் 4 தரலாம். தென்மேற்கில் சில இடங்களில் அடியில் சுண்ணாம்புக்கல்லும் அதில் குடைவுகளும் இருப்பதால் 5 தருவது மிகையாகிவிடும். கடலை நிரப்பிய நிலம் எந்தப் பொருளால், எப்போது, எப்படி இறுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து மாறும் என்பதால் நடுவான 3. ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் கடலோரத்திலும் உள்ள காலாங் படிவின் மென்களிக்கு 1.

மென்களிக்கு ஏன் அவ்வளவு குறைவு? கட்டடத்தைக் கடைக்கால் தூண்களின் மேல் நிறுத்திவிடலாம்; சிங்கப்பூரில் மாடிக் கிடங்குகளுக்கு எப்படியும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் பாரந்தூக்கிகள் ஓடும் தரைத்தளமும், சரக்கு வண்டிகள் நிற்கும் முற்றமும் அதே தூண்களின் மேல் நிற்காவிட்டால், களி நீரை மெல்ல இழந்து ஆண்டுக்கணக்கில் அமிழும்போது கட்டடம் அப்படியே நிற்க, முற்றம் மட்டும் இறங்கிவிடும். வாசலில் ஒரு படி உருவாகும். வண்டியின் தளமும் ஏற்றுமேடையும் ஒத்துப்போகா. அந்தச் செலவைத்தான் இந்த 1 குறிக்கிறது.

பலகோண அடுக்கில் `score` என்ற புலத்தில் இந்த மதிப்பெண்களை எழுதி ராஸ்டராக்கலாம்.

```
gdal_rasterize -l soil -a score -ot Byte -tr 30 30 -te 1000 23000 22000 47000 soil.gpkg soil_s.tif
```

வகைப்பாட்டு ராஸ்டரை மறுபடி மாற்ற நேர்ந்தால் `nearest` முறையை மட்டுமே பயன்படுத்த வேண்டும். உயரத்துக்குப் பொருந்தும் `bilinear` முறையை இங்கே கொண்டுவந்தால், 1-க்கும் 5-க்கும் இடைப்பட்ட எல்லையில் 3 என்ற மதிப்பு முளைக்கும்; அதாவது களிக்கும் வண்டலுக்கும் நடுவே, இல்லாத நிரப்பு நிலம் ஒன்று தோன்றிவிடும்.

சாலைத் தொலைவு

விரைவுச்சாலைக் கோட்டிலிருந்து தொலைவை அளப்பதே பலரும் முதலில் செய்வது. அது தவறான விடையைத் தரும். ஏனெனில் தீவு விரைவுச்சாலையின் ஓரத்திலேயே உள்ள ஒரு நிலத்திலிருந்து புறப்படும் லாரி, நுழைவாய் இருக்கும் இடம் வரை சுற்றிச் சென்றுதான் அதில் ஏற முடியும். அளக்க வேண்டியது நுழைவாய்க்கான தொலைவு.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் இணைப்புச் சாலைகளுக்கு `motorway_link` என்ற குறி உண்டு. அதை மட்டும் வடிகட்டி எடுத்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் ஒரு விரைவுச்சாலையையும் மற்றொன்றையும் சேர்க்கும் இணைப்புகளுக்கும் அதே குறிதான்; அவற்றில் உள்ளூர்த் தெருவிலிருந்து ஏற வழியில்லை. மேலும் அந்தத் தரவைப் பகுதி பகுதியாகத் தரும் ஜியோபேப்ரிக் தளத்தில் மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் ஒரே கோப்பில் வருவதால், நீரிணைக்கு அப்பால் ஜோகூரில் உள்ள இணைப்புச் சாலை துவாஸ் நிலத்துக்கு அருகில் இருப்பதாகவும் கணக்காகிவிடலாம். எனவே மேற்குப் பகுதிக்குள் இணைப்புச் சாலை சாதாரணச் சாலையைத் தொடும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையால் புள்ளி வைப்பதே என் பரிந்துரை. ஒரு பிற்பகல் வேலை அது. தானியங்கி வடிகட்டலின் பிழைகளைத் தேடித் திருத்துவதற்கு அதைவிட நேரமாகும்.

புள்ளிகளை `gates` என்ற அடுக்கில் சேர்த்து, ஆய்வெல்லைக்குக் கிழக்கே மேலும் 6 கிலோமீட்டர் வரை புள்ளிகள் வைத்து, அந்த அகலமான எல்லையில் தொலைவைக் கணக்கிட வேண்டும். எல்லைக்குச் சற்று வெளியே ஒரு நுழைவாய் இருக்க, அதைக் காணாமல் உள்ளே தொலைவில் உள்ளதைக் கணினி எடுத்துக்கொள்வதைத் தவிர்க்கவே இது. மற்ற திசைகளில் கடலும் ஜோகூரும் இருப்பதால் நீட்டத் தேவையில்லை.

```
gdal_rasterize -l gates -burn 1 -init 0 -ot Byte -tr 30 30 -te 1000 23000 28000 47000 gates.gpkg gates.tif
gdal_proximity.py gates.tif dist.tif -values 1 -distunits GEO
```

`-distunits GEO` இல்லாவிட்டால் தொலைவு மீட்டரில் வராது, கட்டங்களின் எண்ணிக்கையில் வரும். 1,500 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 50 என்று காட்டும். தெரிந்த ஓர் இடத்தில் `Identify Features` கருவியால் சொடுக்கி, வரும் எண்ணை அளவுகோல் கருவியால் அளந்த நீளத்துடன் ஒப்பிட்டால் ஐயம் தீரும்.

இது நேர்கோட்டுத் தொலைவு என்பதையும் மறக்கலாகாது. பாண்டான் நீர்த்தேக்கத்தின் மறுகரையில் உள்ள நுழைவாய் நேர்கோட்டில் அருகில்தான் இருக்கும். முழுப் பகுதிக்கும் சாலைவழித் தொலைவைக் கணக்கிடுவது தொடக்கத்துக்கு மிகை. இறுதிப் பட்டியலுக்கு வரும் சில நிலங்களுக்கு மட்டும் `Shortest path (point to point)` கருவியால் உண்மையான வழியை அளந்து சரிபார்த்தால் போதும்.

மதிப்பெண் அட்டவணை

மண்ணுக்கு ஏற்கெனவே 1 முதல் 5 வரை தந்துவிட்டோம். சரிவுக்கு 2 விழுக்காடு வரை 5, 5 வரை 4, 8 வரை 3, 12 வரை 2, அதற்கு மேல் 1 என்று வகுக்கலாம். நுழைவாய்த் தொலைவுக்கு 500 மீட்டர் வரை 5, 1,000 வரை 4, 2,000 வரை 3, 3,000 வரை 2, அதற்கு மேல் 1. இவை இந்த நிறுவனத்துக்காக வகுத்த வரம்புகள்; குளிர்பதனக் கிடங்குக்கோ கனரக இயந்திரக் கிடங்குக்கோ வேறாகும்.

`Reclassify by table` கருவியில் இவற்றை உள்ளிட்டு, விடைகளை `slope_s`, `dist_s` என்ற பெயர்களில் சேமிக்கும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. அதன் இயல்பான வரம்பு விதி `min < value <= max`. அதாவது 0 முதல் 2 வரை என்று எழுதினால் 0.01 உள்ளே வரும், சரியாக 0 வெளியே நிற்கும். எந்த வரம்பிலும் சேராத மதிப்பை இக்கருவி மாற்றாமல் அப்படியே விட்டுவிடுவதும் இயல்பான நடத்தைதான். ஆகவே 5 மதிப்பெண் பெற வேண்டிய முழுச் சமதளம் 0 என்ற மதிப்பெண்ணுடன் வெளிவரும். புதிய நிரப்பு நிலம் உயரத் தரவில் கடலாகக் கிடப்பதால் அங்கே சரிவு துல்லியமாக 0. நுழைவாய்ப் புள்ளி விழுந்த கட்டத்திலும் தொலைவு துல்லியமாக 0. படத்தில் நிறம் பூசிப் பார்க்கும்போது இது எளிதில் தெரிவதில்லை, ஏனெனில் 0-வும் 1-உம் ஏறத்தாழ ஒரே அடர்த்தியில் தோன்றும். முதல் வரிசையின் கீழ்வரம்பை -1 என்று எழுதினால் சிக்கல் தீரும். `Use no data when no range matches value` என்பதையும் குறியிட்டுவிடுங்கள். விடுபட்ட மதிப்பு எதுவாயினும் படத்தில் ஓட்டையாகத் தெரிந்து உங்களை எச்சரிக்கும்.

விலக்கு அடுக்கு

கிடங்கு எங்கே கட்டக் கூடாதோ அங்கே மதிப்பெண் கணக்கிடுவதில் பொருளில்லை. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட நிலப் பயன்பாட்டு அடுக்கு அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் கிடைக்கிறது. அதில் `LU_DESC` புலத்தில் `BUSINESS 1`, `BUSINESS 2` என்று குறித்த நிலங்களில் கிடங்கு அனுமதிக்கப்படும் பயன்பாடுகளில் ஒன்று. அவற்றை 1 ஆகவும் மற்றெல்லாவற்றையும் 0 ஆகவும் கொண்ட ராஸ்டரை `mask` என்ற பெயரில் உருவாக்குங்கள். சிறப்பு நுழைவு அனுமதி தேவைப்படும் ஜூரோங் தீவையும், மளிகைக் கிடங்குக்குப் பொருந்தாது என்பதால், 0 ஆக்கிவிடலாம்.

சரிவு 0 உள்ள கடலும், ஜோகூரின் கரையும், பள்ளிக்கூடத் திடலும் இந்த ஓர் அடுக்கால் விலகிவிடும். இவற்றைக் குறைந்த மதிப்பெண் தந்து ஒதுக்க நினைப்பது தவறு. எடையிட்டுக் கூட்டும் முறையில் ஒரு குறையை வேறொரு நிறை ஈடுகட்டிவிடும். கணக்கில் தோற்ற மாணவன் தமிழில் பெற்ற மதிப்பெண்ணால் மொத்தத்தில் முதலிடத்துக்கு வருவதைப் போன்றது அது. எந்த நிறையாலும் ஈடுகட்ட முடியாத குறை எதுவோ அது விலக்கு அடுக்குக்கு உரியது. விலை கொடுத்துச் சரிசெய்யக்கூடிய குறை மட்டுமே மதிப்பெண்ணுக்கு உரியது. மென்களி இரண்டாம் வகை, ஏனெனில் அதற்குக் கடைக்கால் உண்டு.

கூட்டுதல்

சரிவுக்கு 20, மண்ணுக்கு 35, தொலைவுக்கு 45 என்று எடை தருவோம். மண்ணுக்கான செலவு கட்டும்போது ஒரு முறை வருவது, தொலைவுக்கான செலவு ஒவ்வொரு லாரியும் ஒவ்வொரு நாளும் தருவது என்ற எண்ணமே தொலைவின் எடைக்குக் காரணம். `Raster Calculator`-இல் எல்லையாக `mask` அடுக்கைத் தேர்ந்து இதை எழுதுங்கள்:

```
"mask@1" * (0.20 * "slope_s@1" + 0.35 * "soil_s@1" + 0.45 * "dist_s@1")
```

மிகக் குறைந்த மதிப்பெண் 1 என்பதால், விடையில் 0 வந்தால் அது விலக்கிய நிலம், குழப்பத்துக்கு இடமில்லை.

இனி, பயிற்சிக்காக மூன்று கற்பனை நிலங்களை எடுத்துக்கொள்வோம். நிலம் அ நுழைவாயிலிருந்து 350 மீட்டர், சரிவு 1 விழுக்காடு, ஆனால் மென்களி. நிலம் ஆ 1,600 மீட்டர், சரிவு 3 விழுக்காடு, பழைய வண்டல். நிலம் இ 800 மீட்டர், சரிவு 1 விழுக்காடு, நிரப்பிய நிலம்.

அ-வின் மதிப்பெண்கள் சரிவு 5, மண் 1, தொலைவு 5. எடையிட்டுக் கூட்டினால் 1.00 + 0.35 + 2.25, அதாவது 3.60. ஆ-வுக்கு 4, 5, 3, கூட்டுத்தொகை 0.80 + 1.75 + 1.35 = 3.90. இ-க்கு 5, 3, 4, கூட்டுத்தொகை 1.00 + 1.05 + 1.80 = 3.85. ஆ முதலிடம், இ இரண்டாமிடம், அ மூன்றாமிடம்.

ஆர்க்ஜிஐஎஸ் மென்பொருளின் `Weighted Overlay` கருவியில் இதையே செய்தால் விடை முழு எண்ணாக வரும், 3.60, 3.85, 3.90 மூன்றும் 4 ஆகிவிடும், வரிசையே இராது. அங்கே 1 முதல் 9 வரையான அளவுகோலை எடுத்தால் ஓரளவு பிரியும். `Weighted Sum` கருவிக்கு மாறினால் தசமங்கள் தங்கும்.

அடுத்து, கட்டங்களிலிருந்து நிலங்களுக்கு வர வேண்டும். மதிப்பெண் 3.5-க்கு மேல் உள்ள கட்டங்களை 1 ஆக்கி, `Sieve` கருவியில் வரம்பு 23 என்று தந்தால், 2 ஹெக்டருக்குக் குறைந்த துண்டுகள் நீங்கும். `Use 8-connectedness` என்பதைக் குறியிடாதீர்கள். மூலையால் மட்டும் தொட்டுக்கொள்ளும் இரண்டு துண்டுகள் ஒரே நிலமாகிவிடும். சிறு தீவுகளை நீக்கும் இக்கருவி, நிலத்துக்குள் இருக்கும் சிறு விலக்கு ஓட்டைகளையும் அடைத்துவிடும் என்பதால், விடையை மீண்டும் ஒரு முறை `mask`-ஆல் பெருக்கிவிட்டுப் பலகோணமாக்குங்கள். பிறகு `Zonal statistics` கருவியால் ஒவ்வொரு நிலத்துக்கும் மதிப்பெண்ணின் சராசரியை எடுங்கள். மண் அடுக்குக்கு மட்டும் மிகக் குறைந்த மதிப்பையும் சேர்த்து எடுங்கள். ஒரு பழைய ஓடையின் தடம் நிலத்தின் குறுக்கே மென்களிப் பட்டையாகக் கிடந்தாலும் சராசரி அதைக் காட்டிக்கொடுக்காது.

வரிசை நிற்குமா

ஆ-வுக்கும் இ-க்கும் இடையே 0.05 மட்டுமே வேறுபாடு. மண்ணின் எடையை 35-இலிருந்து 30 ஆகக் குறைத்துத் தொலைவை 50 ஆக்கிப் பாருங்கள்: அ 3.80, ஆ 3.80, இ 3.90. முதலிடம் மாறிவிட்டது; கடைசியில் இருந்த அ, முதலில் இருந்த ஆ-வுக்குச் சமமாகிவிட்டது. எதிர்த்திசையில் மண் 40, தொலைவு 40 என்று வைத்தால் அ 3.40, ஆ 4.00, இ 3.80, ஆ மீண்டும் முதலிடம். ஐந்து புள்ளி எடை மாற்றத்தில் இடம்மாறும் நிலங்களை முதலாவது, இரண்டாவது என்று பிரித்து எழுதாமல், ஒரே நிலையில் உள்ளவை என்று எழுதுவதே முறை. இந்த மூன்றில் எல்லாச் சோதனையிலும், வேறு நிலத்துடன் சமமாகாமல், முதல் இரண்டு இடங்களுக்குள் நின்றது இ மட்டுமே. அதை முதலில் பார்க்கச் சொல்வேன்.

வகுப்பு எல்லைகளும் இதே அளவு ஆட்டிவைக்கும். 990 மீட்டரில் உள்ள நிலத்துக்கு 4, 1,010 மீட்டரில் உள்ளதற்கு 3. அந்த 20 மீட்டருக்காக மொத்தத்தில் 0.45 குறைகிறது, ஆ-வையும் இ-யையும் பிரித்த வேறுபாட்டைப் போல் ஒன்பது மடங்கு. ஒரு கட்டமே 30 மீட்டர் என்னும்போது இதற்கு அடிப்படையே இல்லை. தொலைவைப் படிப்படியாக வகுக்காமல், 0 மீட்டருக்கு 5, 3,000 மீட்டருக்கு 1 என்று சீராக இறங்கும்படி அமைத்தால் இது நீங்கும்:

```
5 - 4 * (("dist@1" < 3000) * "dist@1" / 3000 + ("dist@1" >= 3000))
```

இந்த முறையில், தொடக்க எடைகளுடன், அ 3.39, ஆ 3.84, இ 3.82 என்று வருகிறது. அ பின்தங்க, மற்ற இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகின்றன. மண் வகைப்பாடாகவே இருக்கட்டும். தொடர்ச்சியான அளவுகளுக்கு மட்டும் இந்த வடிவத்தைப் பயன்படுத்தலாம்.

இன்னொரு சோதனை சிங்கப்பூருக்குச் சிறப்பாகப் பொருந்தும். தொழில் நிலங்கள் பெரும்பாலும் சமன்படுத்தப்பட்டவை. நல்ல தரை மாதிரியைப் பயன்படுத்தினால் விலக்கு அடுக்கு அனுமதிக்கும் நிலங்களுக்குள் சரிவின் மதிப்பெண் எங்கும் ஏறத்தாழ 5 ஆகவே இருக்கும். எல்லா நிலத்துக்கும் ஒரே மதிப்பெண் தரும் அளவு, எவ்வளவு எடை தந்தாலும் வரிசையை மாற்றாது. தொழில் நிலங்களை ஒரே பலகோணமாக இணைத்து, `Zonal statistics`-இல் ஒவ்வொரு மதிப்பெண் அடுக்கின் திட்ட விலக்கத்தையும் எடுத்து, அதை எடையால் பெருக்குங்கள். காட்டாகச் சரிவுக்கு 0.3, மண்ணுக்கு 1.4, தொலைவுக்கு 1.3 என்று வந்தால் பெருக்குத்தொகைகள் 0.06, 0.49, 0.585. மொத்தத்தில் சரிவின் பங்கு 5 விழுக்காட்டளவே. தாளில் 20 என்று எழுதியது நடைமுறையில் 5 ஆகிவிட்டது. மண்ணும் தொலைவும்தான் வரிசையை நடத்துகின்றன. இதற்காகச் சரிவின் எடையைக் கூட்ட வேண்டியதில்லை. இந்தப் பகுதியில் சரிவு இடங்களைப் பிரித்துக் காட்டவில்லை என்று அறிக்கையில் எழுதினால் போதும். மாறாகச் சரிவின் திட்ட விலக்கம் பெரிதாக வந்தால், தொழிற்பேட்டைக்குள் அவ்வளவு மேடுபள்ளம் எங்கிருந்து வந்தது என்று கூரை விளிம்புகளை மறுபடி பாருங்கள்.

நிறுவனத்திடம் தரும் அட்டவணையில் மொத்த மதிப்பெண்ணுடன் ஒவ்வொரு நிலத்தின் உண்மை அளவுகளும் இருக்க வேண்டும்: சரிவு எத்தனை விழுக்காடு, எந்தப் படிவு, நுழைவாய்க்குச் சாலைவழியே எத்தனை மீட்டர், எடையை மாற்றியபோது எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு நகர்ந்தது. அதைப் படிக்கும் பொறியாளர் 3.85 என்ற எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. "நிரப்பிய நிலம், 800 மீட்டர்" என்று கண்டால் எங்கே துளையிட்டு மண் மாதிரி எடுக்கச் சொல்வது என்று அவருக்குத் தெரியும்.